கோட்டையும் குடியானவனும்: மராட்டியப் போர்முறை பற்றி இரு நூல்கள்

தமிழ் வாசகர்க்குச் சிவாஜியின் பெயர் புதியதன்று. சுதேசி இயக்கக் காலத்திற் பாரதியார் அவனைத் தம் கவிதையொன்றிற் பேச வைத்தார். 1940களில் அண்ணாதுரை அவனது முடிசூட்டு விழாவையும் அதனையொட்டி எழுந்த வருணப் பிரச்சினையையும் நாடகமாக்கினார். ஒன்று அந்நிய ஆட்சிக்கு எதிரான ஆவேசத்தையும், மற்றது வைதிக மேலாண்மைக்கு எதிரான கண்டனத்தையும் அவன் வாயிலாக வெளிப்படுத்தின. இவ்விரு நோக்குகளும் தத்தம் காலத்தின் தேவையிற் பிறந்தவை. எனினும், இரண்டிலும் சிவாஜி என்ற தனிமனிதனே முன்னிற்கின்றான். வளம் குன்றிய ஒரு மலைநாடு பிஜப்பூர்ச் சுல்தானியத்தையும் மொகலாயப் பேரரசையும் எவ்வாறு எதிர்த்து நின்றது, அந்த எதிர்ப்பின் செலவை யார் சுமந்தனர் என்னும் வினாக்கள் அவற்றில் எழவில்லை.

இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு மராத்தி உரைநடையிலுள்ள இரு நூல்கள் பெரிதும் உதவுவன. முதலாவது, கிருஷ்ணாஜி அனந்த சபாசத் எழுதிய பகர் என்னும் வரலாற்று உரைநூல். சிவாஜியின் இளைய மகனான இராஜாராமின் விருப்பத்திற்கிணங்க இந்நூல் 1694ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. எழுதப்பட்ட இடம் மகாராட்டிரம் அன்று. தமிழ்நாட்டுச் செஞ்சிக் கோட்டையாகும். மொகலாயப் படை கோட்டையை முற்றுகையிட்டிருந்த ஆண்டுகளில், இறந்துபோன அரசனின் நிர்வாக முறையை நினைவிலிருந்து எழுதி வைத்தார் ஒரு முதிய அலுவலர். இரண்டாவது நூல், இராமச்சந்திர பந்த் அமாத்தியர் 1715-16இல் இயற்றிய ஆக்ஞாபத்திரம். கோலாப்பூர் அரச கிளையின் பெயரால் வெளியான இந்நூல் அரசியல் நெறிகளைத் தொகுத்துரைப்பது. ஆசிரியர் சிவாஜியின் காலத்திலேயே அமாத்தியப் பதவி வகித்தவர்.

இந்நூல்களை வாசிக்கும்போது ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இவை நடந்தவற்றை நடந்தவாறே கூறுவன அல்ல. எவ்வாறு நடக்க வேண்டும் என்று கூறுவன. ஆகவே, ஒரு விலக்கு வற்புறுத்தப்படுமிடத்தில் அவ்விலக்கை மீறும் வழக்கம் இருந்ததென நாம் ஊகிக்கலாம். இம்முறையில் நோக்குமிடத்து, மலைக்கோட்டை, இலகு குதிரைப்படை, கடற்படை ஆகிய மூன்றும் வெவ்வேறு போர்த்தந்திரங்களாகத் தோன்றவில்லை. குடியானவனின் தானியத்தையும் புல்லையும் மரத்தையும் யார், எவ்வளவு, எப்போது எடுத்துக்கொள்வது என்ற ஒரே பிரச்சினையின் மூன்று முகங்களாகவே அவை தோன்றுகின்றன. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

சகியாத்திரி மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலுள்ள பள்ளத்தாக்குகள் மாவளம் எனப்படும். அங்கே நெல்லும் சிறுதானியமும் விளையுமேனும், பெரும்படையொன்றை ஊட்டத்தக்க உபரி கிடைப்பதில்லை. ஆயினும் இயற்கை ஒன்றை அளித்திருந்தது. எரிமலைக் குழம்பு படைபடையாக இறுகி உண்டான இம்மலைகளின் உச்சிகள் தட்டையானவை. உச்சிக்குக் கீழே செங்குத்தான கரும்பாறைச் சுவர் இயல்பாகவே அமைந்துள்ளது. மனிதன் கட்ட வேண்டியது அச்சுவரில் உள்ள இடைவெளிகளை மட்டுமே. குறைந்த செலவில் வலிய அரண் கிடைத்தமைக்கு இதுவே காரணம்.

கோட்டை பற்றிய ஆக்ஞாபத்திரத்தின் அறிவுரைகள் அநுபவத்தின் சாரமாக உள்ளன. மலையிற் கோட்டை கட்டுமுன் நீர் உண்டா என்று பார்க்க வேண்டும். நீரில்லையேல் பாறையை வெட்டிக் குளங்கள் அமைக்க வேண்டும். ஊற்று ஒன்று இருப்பதுகொண்டு நிறைவடைதல் கூடாது. பீரங்கி அதிர்ச்சியால் ஊற்று வற்றிப்போகலாம். ஆதலின் சேமிப்புக்கெனத் தனிக்குளங்கள் வேண்டும். வாயில் கீழிருந்து பார்ப்பவனுக்குத் தெரியலாகாது. ஒரு வாயில் மட்டும் போதாது, மறைவழிகளும் வேண்டும். கோட்டைக்கு அண்மையில் அதனை நோக்கத்தக்க வேறு குன்று இருத்தல் கூடாது. இருந்தால் அதனை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும். இயலாதெனின் அதனையும் அரண்செய்து தன்வசப்படுத்த வேண்டும். இக்கடைசி அறிவுரைக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

கோட்டையைப் பகைவனிடமிருந்து காப்பதிலும் கடினமானது அதனைக் காவலனிடமிருந்து காப்பதாகும். சபாசத் தரும் நிர்வாக விபரம் இதனை உணர்த்துகின்றது. ஒவ்வொரு கோட்டைக்கும் ஹவல்தார், சப்னிஸ், சர்னோபத் என ஒத்த தகுதியுடைய மூவர் இருந்தனர். திறவுகோல் ஒருவரிடம், கணக்கு மற்றொருவரிடம், காவற்படை மூன்றாமவரிடம் இருந்தது. களஞ்சியத்துக்குக் கார்கானிஸ் என்ற நான்காமவர். ஹவல்தாரும் சர்னோபத்தும் மராட்டியர், சப்னிஸ் பிராமணர், கார்கானிஸ் பிரபு சாதியினர். சாதிகளுக்கிடையேயான இடைவெளியை அரசு ஒரு பூட்டாகப் பயன்படுத்தியது. மூவரும் ஒன்றுகூடிச் சதி செய்தாலன்றிக் கோட்டையை விற்க முடியாது. மலையடிவாரத்துக் காட்டையும் வழிகளையும் இரவும் பகலும் காத்தவர்களோ மகர், மாங்கு, இராமோசி முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். கோட்டையின் முதற்சுவர் இவர்களே. வீரக்கதைகளில் இவர்களின் பெயர்கள் மிக அருமையாகவே இடம்பெறுகின்றன.

கோட்டைகள் வெளிப்பகைவரை மட்டும் நோக்கி எழுந்தவை அல்ல. கிராமத்துக்கும் அரசுக்கும் இடையே தேசமுகர், தேசபாண்டியர் எனப்பட்ட பரம்பரை வரி அதிகாரிகள் இருந்தனர். வதன் என்னும் மரபுரிமையால் நிலத்தின் பயனிற் பங்கு பெற்ற இவர்கள், கிராமங்களிற் கொத்தளங்களோடு கூடிய மாளிகைகளையும் சிறுபடைகளையும் வைத்திருந்தனர். சிவாஜி அக்கொத்தளங்களை இடித்து, அவர்களை ஏனைய குடிகளைப்போல் சாதாரண வீடுகளில் வாழச் செய்தான் என்கிறார் சபாசத். ஆக்ஞாபத்திரம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றது. வதன்தார்கள் பெயரளவிற் குடிகள், உண்மையிற் சிற்றரசர்கள். அந்நியப் படை வருகின்றதெனக் கேட்டால், வதனைக் காத்துக்கொள்ளும் பொருட்டு முந்திச் சென்று பகைவனைச் சந்திப்பவர்கள் அவர்களே என்பது அதன் கருத்து. அவர்களை முற்றாக ஒழிக்கவும் இயலாது. விருப்பப்படி விடவும் இயலாது என்று அந்நூல் தயங்குகின்றது. ஒரு நிலவுடைமை அரசு தன் அடிப்படை முரண்பாட்டைத் தானே எழுதிவைத்த அரிய இடம் இது எனலாம். 1656இல் ஜாவளியைச் சிவாஜி கைப்பற்றியது மோரே என்ற மராட்டியக் குடும்பத்தினரிடமிருந்தே என்பதும், அதே ஆண்டிலேயே அப்பகுதியிற் பிரதாப்கட் கோட்டை எழுந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கன. மலைமேற் கோட்டை உயர்ந்ததும் கிராமத்துக் கொத்தளம் தகர்ந்ததும் ஒரே செயலின் இரு பக்கங்களாகும்.

2

குதிரைப்படையில் இரு வகையினர் இருந்தனர். அரசின் குதிரையில் ஏறி அரசின் சம்பளம் பெறுவோர் பர்கீர்கள். சொந்தக் குதிரையோடு சேர்வோர் சிலேதார்கள். இருபத்தைந்து பர்கீர்களுக்கு ஒரு ஹவல்தார். அவர்களுக்கென நீர்கொணரும் ஒருவனும் இலாடம் கட்டுவோன் ஒருவனும் உண்டு. ஐந்து ஹவல்தார்களுக்கு ஒரு ஜும்லேதார். பத்து ஜும்லேதார்களுக்கு ஓர் ஆயிரவர் தலைவன் என இவ்வமைப்பு மேற்செல்லும். பர்கீர் முறையின் பொருள் தெளிவு. குதிரை அரசுடையதாயின், வீரன் தன் தலைவனோடு பகைவன் பக்கம் போய்விட முடியாது. கோட்டையில் மூவர் முறை செய்த பணியையே படையிற் பர்கீர் முறை செய்தது.

இப்போர்முறை சிவாஜியின் கண்டுபிடிப்பு அன்று. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அகமதுநகர் அரசின் தலைமை அமைச்சனாக உயர்ந்த அபிசீனிய அடிமையான மாலிக் அம்பர், மொகலாயரின் பெரும்படையை நேர்ப்போரில் எதிர்ப்பதைத் தவிர்த்து, அதன் உணவு வழிகளைத் துண்டித்தே தளரச் செய்தான். சிவாஜியின் தந்தை சாஜி அவ்வரசிற் பணிபுரிந்தவன். எனவே, இதனை ஓர் இனத்தின் அல்லது மதத்தின் பிறவிக்குணமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தக்கணத்தின் நிலமும் பொருளாதாரமும் பயிற்றுவித்த கலை அது.

மொகலாயப் படை ஒரு நடமாடும் நகரம். யானைகளும் பீரங்கிகளும் கூடாரங்களும் கடைத்தெருவும் அதனோடு சென்றன. அது நாளொன்றுக்குச் செல்லும் தூரத்தை அதன் எருதுகள் தீர்மானித்தன. மராட்டியக் குதிரைவீரனோ கூடாரமும் பீரங்கியுமின்றிச் சென்றான். நேர்க்களத்தில் அவன் கனத்த குதிரைப்படைக்கும் பீரங்கிக்கும் ஈடுகொடுக்க இயலாதவன். ஆனால் புல்வெட்டச் செல்வோரையும் தானிய வண்டிகளையும் தாக்கி, அந்நகரத்தைப் பட்டினியிட அவனால் இயலும். பகைவன் திரண்டு துரத்தினால் ஒதுங்குவதற்கு மலைக்கோட்டை இருந்தது. கோட்டையின்றிக் குதிரைப்படைக்குப் புகலிடமில்லை. குதிரைப்படையின்றிக் கோட்டைக்கு மீட்பில்லை.

ஆயினும் குதிரைக்கு நாள்தோறும் புல்லும் கொள்ளும் வேண்டும். இதற்கு விடையாக அமைந்ததே சபாசத் விபரிக்கும் ஆண்டுச் சுழற்சி. மழைக்காலத்திற் படை சொந்த நாட்டில் தங்கும். அங்கே தானியமும் புல்லும் முன்கூட்டியே சேர்த்து வைக்கப்படும். விஜயதசமி கழிந்ததும் படை வெளியேறி, எட்டு மாதம் பிற நாட்டில் வரியும் கொள்ளையும் கொண்டு தன் வயிற்றைத் தானே நிரப்பும். வைகாசியளவில் திரும்பி வரும்போது எல்லையில் ஒவ்வொருவனும் சோதிக்கப்படுவான். கொள்ளைப் பொருள் அரசுக்குரியது. பெண்களும் அடிமைப் பெண்களும் படையுடன் செல்லலாகாது. பிற நாட்டிலும் பெண்களையும் குழந்தைகளையும் பிடித்தலாகாது என்பன விதிகள்.

இச்சுழற்சியில் எங்கே உடைவு நேரும் என்பதைச் சிவாஜி நன்கு அறிந்திருந்தான். 1670களில் சிப்ளூணுக்கு அருகே மழைக்காலத்திற் பாளையமிறங்கியிருந்த தன் அதிகாரிகளுக்கு அவன் அனுப்பிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. மழைக்கெனச் சேர்த்த புல்லையும் தானியத்தையும் இப்போதே தாராளமாகச் செலவிட்டால், நடுமழையிற் குதிரைகள் சாகத் தொடங்கும். அப்போது நீங்கள் குடியானவன் வீட்டுக்குட் புகுந்து ஒருவனிடம் தானியமும், ஒருவனிடம் ரொட்டியும், ஒருவனிடம் புல்லும், ஒருவனிடம் விறகும், ஒருவனிடம் காய்கறியும் பறிப்பீர்கள். உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் குடிகள் ஊரைவிட்டு ஓடுவர். உங்களைவிட மொகலாயரே மேல் என அவர்கள் எண்ணுவர் என்பது அக்கடிதத்தின் சாரம். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று புற்போருக்குத் தீ வைத்துவிடலாம் என்பதுவரை அது எச்சரிக்கின்றது. அரசனின் கண் எலிவரை செல்வதைப் புகழ்வோர் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது அதனினும் முக்கியமானது. ஒரு புற்போர் எரிந்தால் ஓர் அரசின் நியாயப்பாடே எரிந்துவிடும் என்ற நிலை அங்கே இருந்தது.

3

இவ்வமைப்பு எவ்வாறு முறியும் என்பதை 1665இல் நிகழ்ந்த புரந்தர் முற்றுகை காட்டுகின்றது. 1663இற் பூனாவிற் சாயிஸ்தாகான் இரவில் தாக்கப்பட்டதும், 1664 சனவரியிற் சூரத்து கொள்ளையிடப்பட்டதும் ஔரங்கசீப்பைப் பெரிதும் சினங்கொள்ளச் செய்தன. அவன் அனுப்பிய தளபதி ஜெய்சிங் இராசபுத்திரன், அநுபவமிக்கவன். அவன் மராட்டியக் குதிரைகளைத் துரத்திக் காலத்தை வீணாக்கவில்லை. மார்ச்சு மாத முடிவிற் புரந்தரை நெருங்கினான்.

புரந்தர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 அடி உயரமுடையது. உச்சியில் மேற்கோட்டையும், அதற்குச் சில நூறு அடி கீழே மலைத்தட்டில் கீழ்க்கோட்டையும் உள்ளன. வீரர்களின் இருப்பிடங்கள் கீழ்க்கோட்டையிலேயே இருந்தன. அதற்குக் கிழக்கே ஒரு கணவாய்க்கு அப்பால் வஜ்ரகட் என்னும் சிறுகோட்டை உண்டு. வஜ்ரகட்டிலிருந்து பார்த்தாற் புரந்தரின் கீழ்க்கோட்டை முழுவதும் தெரியும். ஜெய்சிங் இதனை உணர்ந்து, பெரும்பீரங்கிகளை அரும்பாடுபட்டு மலைமேல் ஏற்றி முதலில் வஜ்ரகட்டையே தாக்கினான். ஏப்பிரில் 14இல் அது வீழ்ந்தது. சரணடைந்த வீரர்களை அவன் கொல்லாது போக விட்டான். புரந்தரில் இருந்தோர் அதனைக் கண்டு மனந்தளரட்டும் என்பது அவன் கணக்கு. அமாத்தியர் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதிய அண்மைக் குன்று பற்றிய அறிவுரைக்கு இங்கே விளக்கம் கிடைக்கின்றது. வஜ்ரகட் அரண்செய்யப்பட்டுத்தான் இருந்தது. ஆயினும் அது வீழ்ந்ததும் புரந்தரின் வலிமையே பலவீனமாயிற்று.

புரந்தரின் தளபதி முரார்பாஜி, தேர்ந்தெடுத்த எழுநூறு வீரருடன் திலேர்கானின் பாளையத்தின் மீது பாய்ந்து போரிட்டு மடிந்தான். அவன் இறந்த பின்னரும் காவற்படை பணியவில்லை. மராட்டிய வீரப்பாட்டு மரபும் பிற்கால நாடகமும் இக்காட்சியோடு நிற்கின்றன. ஆனாற் போரின் முடிவைத் தீர்மானித்தது அது அன்று. முற்றுகை நடந்த அதே வாரங்களில் ஜெய்சிங் தாவூதுகானின் தலைமையிற் சில ஆயிரம் குதிரைவீரரைக் கிராமங்களின் மீது ஏவினான். ரோகிடா, ராஜ்கட், சிங்ககட் கோட்டைகளின் அடிவாரத்து ஊர்கள் எரியூட்டப்பட்டன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, குடிகள் சிறைப்பிடிக்கப்பட்டனர். ரோகிடாவைச் சூழ்ந்த பகுதியில் மட்டும் ஏறத்தாழ ஐம்பது ஊர்கள் அழிக்கப்பட்டன என்று ஜெய்சிங்கின் கடிதங்கள் கூறுகின்றன.

மராட்டியர் மொகலாய நாட்டிற் செய்ததையே ஜெய்சிங் மராட்டிய நாட்டிற் செய்தான். கோட்டைகள் பாறையின் மேல் நின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு வேண்டிய தானியம் பள்ளத்தாக்கில் விளைந்தது. பள்ளத்தாக்கு எரிந்தபோது கோட்டைகள் வேரற்ற மரங்களாயின. மழை தொடங்கும் வரை தாக்குப்பிடிப்பதே மலைக்கோட்டைப் போரின் இலக்கணம். இம்முறை அதற்குக் காலம் கிடைக்கவில்லை. அதிகாரிகள் பலரின் குடும்பங்களும் புரந்தரிலேயே அடைக்கலம் புகுந்திருந்தன. யூன் 11இற் சிவாஜி ஜெய்சிங்கின் பாளையத்துக்கு நேரிற் சென்றான். உடன்படிக்கைப்படி 23 கோட்டைகளும் அவற்றுக்குரிய நாலு இலட்சம் பொன் வருமானமுள்ள நிலமும் கைமாறின. அவனிடம் எஞ்சியவை 12 கோட்டைகளும் ஒரு இலட்சம் பொன் வருமானமுமே. புரந்தரின் மேற்கோட்டை இறுதிவரை போரினால் வீழ்த்தப்படவில்லை என்பதே இதிலுள்ள பாடம்.

4

கடற்படையும் இதே தருக்கத்தின் விரிவே. 1657இற் கலியாணும் பிவண்டியும் கைப்பட்டபின் மராட்டிய அரசு கொங்கணக் கரையை அடைந்தது. அங்கே போர்த்துக்கேயர் அநுமதிச் சீட்டின்றி வணிகக் கப்பல்களைச் செல்லவிடவில்லை. ஜஞ்சிராத் தீவிலிருந்த சித்திகள் என்ற ஆபிரிக்க வழிவந்த கடற்தலைவர்கள் கரையூர்களைச் சூறையாடினர். குடிகளைப் பிடித்துச் சென்றனர். மலையிற் செய்ததைப் போன்றே கடலிலும் முதலில் கோட்டைகளே எழுந்தன. மால்வணுக்கு எதிரேயுள்ள தீவிற் சிந்துதுர்க்கம் 1664இல் தொடங்கப்பட்டது. கப்பல்களைப் பொறுத்தவரை, பெரிய கப்பல்களைக் கட்ட அரசு முயலவில்லை. குராப் எனப்பட்ட நடுத்தரப் பீரங்கிக் கலங்களும், துடுப்பும் பாயும் கொண்ட கல்பத் என்னும் சிறு கலங்களுமே பெரும்பான்மை. அவற்றை ஓட்டியவர்கள் கோலி, பண்டாரி முதலிய கரையோரச் சமூகத்தினரும் முஸ்லிம்களும் ஆவர். கடற்படைத் தலைவர்களுள் ஒருவன் தௌலத்கான் என்பதும் கருதற்பாலது.

1679இற் பம்பாய்த் துறைமுகத்தின் வாயிலருகேயுள்ள காந்தேரித் தீவை மராட்டியர் பிடித்து அரண்செய்யத் தொடங்கினர். ஆங்கிலக் கும்பினியார் அதனைத் தடுக்கக் கப்பல்களை நிறுத்தினர். ஒக்ரோபர் 18இல் நிகழ்ந்த சமரில் மராட்டியர் ஓர் ஆங்கிலக் கலத்தைக் கைப்பற்றினர்; ஆனால் ரிவெஞ்ச் என்ற பெருங்கப்பலின் பீரங்கிக்கு முன் நிற்க முடியாது நாகோட்டணைக் கழிமுகத்துக்குள் ஒதுங்கினர். நேர்ச்சமரில் அவர்கள் வெல்லவில்லை. ஆயினும் காற்றில்லாத இரவுகளில் சிறு படகுகள் துடுப்புவலித்து, பெருங்கப்பல் வரமுடியாத ஆழமற்ற நீரினூடே தீவுக்கு உணவும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சேர்த்தன. 1680இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் செலவு தாளாது விலகினர். தரையிற் குதிரை செய்ததை நீரிற் கல்பத் செய்தது.

எல்லையும் அதேபோல் தெளிவானது. ஜஞ்சிராவை மராட்டியர் மீண்டும் மீண்டும் தாக்கியும் கைப்பற்ற முடியவில்லை. ஆழ்கடலில் ஐரோப்பியக் கப்பல்களை எதிர்க்கவும் முடியவில்லை. கனரகப் பீரங்கியை வார்ப்பதற்கும் பெருங்கப்பலைக் கட்டுவதற்கும் வேண்டிய கைத்தொழில் அடித்தளம் அவ்வரசிடம் இல்லை. பீரங்கிகளை அது ஐரோப்பியரிடமிருந்தே பெரும்பாலும் வாங்கியது. தொப்பிக்காரர் வெறும் வணிகரல்லர், அவர்களுக்குப் பின்னால் அரசுகள் உள்ளன. கடற்கரையில் அவர்களுக்கு இடம் கொடுக்கலாகாது என்று அமாத்தியர் எச்சரித்தார். அவரது அரசியற் பார்வை கூர்மையானது. அப்பார்வையைச் செயற்படுத்தும் உற்பத்திச் சக்தியோ அவரது சமூகத்தில் வளர்ந்திருக்கவில்லை.

கப்பல்மரம் பற்றிய பகுதியே ஆக்ஞாபத்திரத்தின் மிகச் சிறந்த உரைநடை என்பது எமது கருத்து. தேக்கு முதலிய காட்டுமரங்களை அநுமதியுடன் வெட்டலாம். வேண்டுமாயிற் பிறநாடுகளிலிருந்து விலைக்கு வாங்கலாம். ஆனால் குடிகளின் மாவையும் பலாவையும் தொடலாகாது. அவை ஓராண்டில் வளர்வன அல்ல. குடிகள் அவற்றைப் பிள்ளைகளைப்போல் நெடுங்காலம் வளர்த்தவர்கள். வெட்டினால் அவர்கள் துயருக்கு முடிவேது என்று அது வினவுகின்றது. முதிர்ந்து பயன்கெட்ட மரமாயின், உரியவனை இணங்கச் செய்து, விலைகொடுத்துப் பெறுக. பலாத்காரம் கூடாது என்கின்றது. இவ்வரிகளில் அரசின் கருணை தெரிகின்றதெனச் சிலர் கூறுவர். நாம் முன்கூறிய முறையில் வாசித்தால், கோடரியுடன் தோட்டத்துக்குட் புகுந்த அரச ஆட்களும், செய்வதறியாது நின்ற குடியானவனும் அவற்றிடையே தெரிகின்றனர்.

5

இவ்விதிகளின் கருணை எல்லைக்கோட்டுடன் நின்றது என்பதையும் கூறியாக வேண்டும். சிப்ளூண் குடியானவனின் புல்லைக் காத்த அதே அமைப்பு, எட்டு மாதம் வேறொரு குடியானவனின் புல்லைத் தின்றது. அந்த வேறொருவருள் தமிழ்நாட்டு உழவரும் அடங்குவர். 1677இற் சிவாஜி செஞ்சியைப் பிஜப்பூரின் அதிகாரியிடமிருந்து பெற்று, அதன் அரண்களைப் புதுக்கினான். அதன் பயன் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் தெரிந்தது. 1689இற் சம்பாஜி கொல்லப்பட்டு ராய்கட் வீழ்ந்தபோது, இராஜாராம் தப்பிச் செஞ்சிக்கு வந்தான். 1690இற் சுல்பிகார்கான் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீடித்தது.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த அக்கோட்டையை முழுமையாகச் சூழ்வதற்கு மொகலாயப் படை போதவில்லை. 1692 முடிவிற் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் பெருங்குதிரைப் படையுடன் வந்து, காஞ்சிபுரத்து மொகலாய அதிகாரி அலி மர்தான்கானைச் சிறைப்பிடித்து, முற்றுகையிட்டோரின் உணவு வழிகளை அறுத்தனர். முற்றுகையிட்டவனே முற்றுகைக்குள்ளானான். பஞ்சத்தால் வாடிய சுல்பிகார்கான் பீரங்கிகளைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினான். கோட்டையும் குதிரையும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று இல்லை. ஈற்றிற் கோட்டை வீழ்ந்தபோதும் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டான். ஆனால் அவ்வெட்டு ஆண்டுகளும் இரு படைகளையும் ஊட்டியது செஞ்சி, வந்தவாசி, காஞ்சிபுரப் பகுதிகளின் விளைச்சலே. இரு தரப்பினரின் வரலாற்று நூல்களிலும் அவ்வுழவர்க்கு இடமில்லை.

வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது. அரசின் கருவூலமும் குதிரைலாயமும் அழிந்த நிலையில், தலைவர்களைத் தன்பக்கம் வைத்திருக்க இராஜாராமிடம் இருந்தவை வாக்குறுதிகளே. வதன்களும் நிலமானியங்களும் தாராளமாக வழங்கப்பட்டன. பர்கீர் முறையின் இடத்தைத் தத்தம் படையுடைய தலைவர்கள் நிரப்பினர். ஔரங்கசீப் இறுதி ஆண்டுகளிற் கைப்பற்றிய கோட்டைகளுட் பல வாளால் அன்றிப் பொன்னாலேயே வீழ்ந்தன. மூவர் முறையின் பூட்டு திறந்துகொண்டது. அவ்வாறு வீழ்ந்த கோட்டைகள் பல மீண்டும் மராட்டியர் கைக்கு வந்தன என்பதும் உண்மையே. 1707இற் பேரரசன் தக்கணத்திலேயே இறந்தபோது மராட்டியர் தோற்கவில்லை. எனினும் வென்றது சிவாஜியின் அரசு அன்று. அவன் ஒடுக்க முயன்ற வதன்தாரின் வழிவந்தோரும் அவர்களைப் போன்றோருமே வென்றனர்.

இப்பின்னணியிலேயே இரு நூல்களின் தொனியும் விளங்குகின்றது. சபாசத் முற்றுகைக்குள் இருந்து, குலைந்துகொண்டிருந்த ஓர் ஒழுங்கை எழுத்திற் காப்பாற்ற முயன்றார். அமாத்தியர் அது குலைந்த பின்னர், அதனை விதிகளாக மீட்க முயன்றார். இருவரும் ஆளும் வர்க்கத்தின் அலுவலர். குடியானவனின் பக்கம் நின்று எழுதியவர்கள் அல்லர். ஆயினும் தம் அரசின் உயிர் யார் கையில் இருந்தது என்பதை அறிந்தவர்கள். ஆதலினாலேயே வீரரைப் பாடும் நூல்களிற் காணாத புல்லும் தானியமும் மாமரமும் அவர்களின் உரைநடைக்குள் வந்து சேர்ந்தன.